ஐம்பதைத் தாண்டியபின் இளைஞர்கள் நிறைந்த துறையில் அறியப்படுவது எப்படி: ஒரு டேட்டாபேஸ்காரரின் முழு வழிகாட்டி

எனக்கு 54 வயது. 1995இல் சென்னையில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து டேட்டாபேஸ்தான் தொழில். முதல் இருபது வருடம் முழுக்க ஆரக்கிள். அதற்குப் பிறகு, ஆரக்கிளில் ஓடிக்கொண்டிருக்கும் பழைய சிஸ்டங்களை போஸ்ட்கிரெஸுக்கு மாற்றும் வேலை. இப்போது இருக்கும் குழுவில் என்னைச் சேர்த்து பதினோரு பேர். எனக்கு அடுத்து மூத்தவருக்கு 36 வயது.

சில வருடங்களுக்கு முன், நான் இருந்த நிறுவனம் எங்கள் பிரிவை மூடியது. வேலை தேடத் தொடங்கியபோதுதான் ஒன்று புரிந்தது. என்னைத் தெரிந்தவர்கள் எல்லாரும் நான் வேலை பார்த்த மூன்று நிறுவனங்களுக்குள் இருந்தவர்கள். அதில் பாதிப் பேர் ஓய்வு பெற்றுவிட்டார்கள், மீதிப் பேர் நிர்வாகத்துக்குப் போய்விட்டார்கள். வெளியே, இன்றைக்கு இந்த வேலையைச் செய்துகொண்டிருக்கும் யாருக்கும் நான் யாரென்றே தெரியாது. இருபத்தைந்து வருட வேலை இணையத்தில் ஒரு வரியாகக்கூட இல்லை.

அதைச் சரிசெய்ய எனக்கு ஒன்பது மாதம் ஆனது. செய்ததை வரிசையாக எழுதுகிறேன். டேட்டாபேஸ் இல்லாத வேறு வேலையில் இருப்பவர்கள் உதாரணங்களை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.

முதல் படி: உங்கள் பத்து போன் அழைப்புகளை எழுதுங்கள்

எதைப் பற்றி எழுதுவது, எதைப் பற்றிப் பேசுவது என்பதை யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது. யோசித்தால் 'டேட்டாபேஸ் பர்ஃபார்மன்ஸ்', 'தலைமைப் பண்பு' என்று யாருக்கும் பொருந்தும் தலைப்புகள்தான் வரும். அதற்குப் பதிலாக ஒரு தாளை எடுத்து, கடந்த ஒரு வருடத்தில் உங்கள் குழுவில் இருப்பவர்கள் 'சார், ஒரு நிமிஷம் இதைப் பாருங்க' என்று கூப்பிட்ட பத்துத் தருணங்களை எழுதுங்கள். வேறு யாரையும் கூப்பிடாமல் உங்களைக் கூப்பிட்டவை மட்டும்.

என் பட்டியலில் ஆறு ஒரே மாதிரி இருந்தன. ஒரு க்வெரி ஆரக்கிளில் சரியாக ஓடியது, போஸ்ட்கிரெஸிலும் ஓடுகிறது, எரர் எதுவும் இல்லை, ஆனால் விடை தப்பு. இந்த 'எரர் வராமல் தப்பாகும் இடங்கள்' என்பதுதான் என் தலைப்பு என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

அது ஏன் என்னிடம் வந்தது என்பதற்குத் தெளிவான காரணம் இருக்கிறது. எரர் வந்தால் யாரும் அந்த எரர் வரியைத் தேடி விடையைக் கண்டுபிடித்துவிடலாம். அதில் இளைஞர்கள் என்னைவிட வேகம். எரரே வராவிட்டால் தேடுவதற்குச் சொல்லே இல்லை. பழைய சிஸ்டம் எப்படி நடந்துகொண்டது என்று கையால் பழகியவருக்குத்தான் 'இந்த எண் இப்படி இருக்கக் கூடாதே' என்று உறைக்கும். பழையதும் புதியதும் முட்டும் இப்படி ஓர் இடம் ஒவ்வொரு துறையிலும் இருக்கிறது. அங்கே உங்கள் வயதுதான் வேலைக்கான கருவி. அதை மறைத்தால் கருவியையே ஒளித்துவைத்த மாதிரி.

தேர்ந்தெடுத்த தலைப்பு சரியான அளவா என்று பார்க்க ஒரு சோதனை. அரை மணி நேரம் உட்கார்ந்து அதற்குள் அடங்கும் பதினைந்து கட்டுரைத் தலைப்புகளை எழுதிப் பாருங்கள். நான்கைந்தோடு நின்றுவிட்டால் தலைப்பு மிகக் குறுகல். பதினைந்தும் வந்து, அவற்றை உங்கள் துறையில் வேறு எவரும் எழுதியிருக்கலாம் என்று தோன்றினால் மிக அகலம்.

இரண்டாம் படி: ஒரே ஒரு சம்பவத்தை முழுதாகத் தயார் செய்யுங்கள்

பலர் இந்தப் படியைத் தாண்டி நேரே லிங்க்டினில் எழுத உட்கார்ந்துவிடுகிறார்கள். கையில் ஆதாரம் இல்லாததால் எழுத்து அறிவுரையாகிவிடுகிறது. ஐம்பது வயதுக்காரர் கொடுக்கும் அறிவுரையை மக்கள் மரியாதையோடு லைக் போட்டுவிட்டுக் கடந்துபோவார்கள்.

நான் முதலில் எடுத்த சம்பவம் இது. ஒரு சிஸ்டத்தை மாற்றி முடித்து இரண்டாவது வாரம், வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் கடிதங்களின் முகவரிச் சீட்டில் சிலருடைய பெயர் மட்டும் காலியாக வந்தது. முகவரி இருக்கிறது, பின்கோடு இருக்கிறது, பெயர் இல்லை. குழுவில் இருந்தவர்கள் ஒன்றரை நாள் அச்சிடும் புரோகிராமிலும் எழுத்துருவிலும் தேடினார்கள். நான் காலியாக வந்த சீட்டுகளில் இருபதை எடுத்து மேஜையில் பரப்பி, அவை யாருடையவை என்று பழைய சிஸ்டத்தில் பார்த்தேன். இருபது பேருமே கடைசிப் பெயர் இல்லாதவர்கள். நம் ஊர் வழக்கப்படி ஒரே பெயரோடு இருப்பவர்கள். படிவத்தில் கடைசிப் பெயர் என்ற கட்டத்தை விட்டுவிட்டார்கள்.

பெயரைச் சேர்க்கும் க்வெரி இப்படி இருந்தது:

```sql
SELECT first_name || ' ' || last_name FROM customer;
```

ஆரக்கிளில் ஒரு சொல்லோடு NULL-ஐ, அதாவது மதிப்பே இல்லை என்ற குறியை, ஒட்டினால் அந்தச் சொல் அப்படியே மிஞ்சும். போஸ்ட்கிரெஸில் எதனோடு NULL-ஐ ஒட்டினாலும் மொத்தமும் NULL ஆகிவிடும். ஆக, கடைசிப் பெயர் இல்லாதவருக்கு முதல் பெயரும் சேர்ந்து காணாமல் போனது. இரண்டும் அததன் விதிப்படிதான் நடந்துகொண்டன, அதனால்தான் எரர் இல்லை.

இதோடு இன்னொன்றும் இருந்தது. ஆரக்கிள் வெற்றுச் சரத்தை, அதாவது '' என்பதை, NULL ஆகத்தான் சேமிக்கும். போஸ்ட்கிரெஸுக்கு இரண்டும் வேறு வேறு. அதனால் பழைய சிஸ்டத்திலிருந்து வந்த பெயர்களில் NULL இருந்தது, மாற்றிய பிறகு இணையப் படிவம் வழியாகச் சேர்ந்தவற்றில் '' இருந்தது. கடைசிப் பெயர் இல்லாதவர்களை `IS NULL` போட்டு எண்ணினால் பழையவர்கள் மட்டும்தான் வருவார்கள். இரண்டு வகையையும் தாங்கும் திருத்தம் இது:

```sql
SELECT concat_ws(' ', NULLIF(first_name, ''),
                      NULLIF(last_name, ''))
FROM customer;
```

`concat_ws` NULL-ஐத் தாண்டிப்போகும், வெற்றுச் சரத்தைத் தாண்டாது. `NULLIF` அதை முதலில் NULL ஆக்கிவிடுவதால் பெயருக்குப் பின்னால் தேவையில்லாத இடைவெளியும் வராது.

இதைப் பொதுவில் வைப்பதற்கு முன் கட்டாயம் செய்யவேண்டிய ஒன்று இருக்கிறது. வேலை பார்க்கும் இடத்தின் டேபிள் பெயர், டேட்டா, ஸ்கிரீன்ஷாட் எதையும் எடுக்கக் கூடாது. வீட்டு லேப்டாப்பில் போஸ்ட்கிரெஸ் நிறுவி, சொந்தமாக ஒரு `customer` டேபிள் உருவாக்கி, கற்பனைப் பெயர்கள் ஐந்தைப் போட்டு, பிழையைத் திரும்ப உண்டாக்குங்கள். பிறகு மேலாளரிடம் மின்னஞ்சலில், 'இந்தப் பொதுவான தொழில்நுட்பத் தகவலை என் பெயரில் எழுதுகிறேன், நம் வாடிக்கையாளர் விவரம் எதுவும் இல்லை' என்று தெரிவித்து, எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். என் பழைய மேலாளரிடமிருந்து பதில் வர நான்கு நாள் ஆனது. காத்திருந்தேன்.

திரும்ப உண்டாக்குவதில் இன்னொரு லாபமும் உண்டு. நமக்குத் தெரியும் என்று நினைப்பதில் சில, பழைய வெர்ஷனோடு முடிந்துபோயிருக்கும். போஸ்ட்கிரெஸில் ஸ்டோர்டு புரொசீஜருக்குள் கமிட் செய்ய முடியாது என்று நான் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். 2018இல் வந்த 11ஆம் வெர்ஷனிலேயே அது முடியும். இதைப் பொதுவில் தப்பாக எழுதியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். வயதை யாரும் கேலி செய்யமாட்டார்கள், காலாவதியான தகவலைக் கட்டாயம் பிடித்துக்கொள்வார்கள். அதனால் எழுதும் ஒவ்வொரு வரியையும் இன்றைய வெர்ஷனில் ஓட்டிப் பாருங்கள். எந்த வெர்ஷன் என்பதையும் பதிவிலேயே போடுங்கள்.

மூன்றாம் படி: எழுதுவது

பதிவின் முதல் வரி அந்தக் காலியான முகவரிச் சீட்டாக இருக்கவேண்டும். 'என் முப்பது வருட அனுபவத்தில்' என்று தொடங்காதீர்கள். படிப்பவருக்கு அன்றைக்கு ஒரு பிரச்சினை இருக்கிறது, அதற்கும் உங்கள் முப்பது வருடத்துக்கும் தொடர்பு இருப்பதை அவரே நான்காவது வரியில் கண்டுகொள்வார். என்ன நடந்தது, ஏன் நடந்தது, உங்கள் சிஸ்டத்தில் இது இருக்கிறதா என்று பார்க்க ஒரு க்வெரி, திருத்தம். இந்த நான்கும் போதும். இருநூறு, இருநூற்றைம்பது வார்த்தைக்குள் முடிந்துவிடும்.

மன்னிப்புக் கேட்கும் வாக்கியங்கள் நமக்குத் தெரியாமலே நுழைந்துவிடும். என் முதல் வரைவில் மூன்று இருந்தன: 'நான் பழைய ஆள்தான், இருந்தாலும்', 'இளைஞர்களுக்கு இது தெரிந்திருக்கலாம்', 'தப்பாக இருந்தால் மன்னிக்கவும்'. மூன்றையும் அடித்தேன். அதற்கு நேரெதிரான தப்பும் உண்டு: 'இந்தக் காலத்துப் பசங்களுக்கு அடிப்படை தெரிவதில்லை.' இதுவும் வயதைப் பற்றிய பேச்சுதான், படிப்பவரை உடனே எதிர்ப்பக்கம் தள்ளிவிடும். வயதைச் சொல்லவேண்டிய இடத்தில் ஆண்டைச் சொல்லுங்கள். 'அந்தக் காலத்தில்' என்பதற்குப் பதிலாக '1999இல் வந்த ஆரக்கிள் 8ஐயில்' என்று எழுதினால் அது தகவல்.

இரண்டு வாரத்துக்கு ஒரு பதிவு எழுதினேன். லிங்க்டினில் ஆங்கிலத்தில், ஏனென்றால் எங்கள் துறையில் தேடுபவர்கள் ஆங்கிலத்தில்தான் தேடுகிறார்கள். அதே விஷயத்தைத் தமிழிலும் எழுத ஆசைப்பட்டால் இடம் இருக்கிறது. கணியம் இதழ் 2012 முதல் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் வெளியிட்டு வருகிறது. தமிழில் எழுதும்போது எனக்கே விஷயம் இன்னும் தெளிவானது, கல்லூரி மாணவர்கள் சிலர் அதன் வழியாகத்தான் வந்தார்கள்.

நான்காம் படி: லிங்க்டின் பக்கத்தைத் திருத்துவது

இதைப் பதிவுகளுக்குப் பின்னால் வைத்ததற்குக் காரணம், பதிவைப் படித்தவர்தான் உங்கள் பக்கத்துக்கு வருவார். பெயருக்குக் கீழே வரும் ஹெட்லைனுக்கு 220 எழுத்து இடம் உண்டு, ஆனால் நீங்கள் வேறொருவர் பதிவில் கருத்து எழுதும்போது அதன் தொடக்கம் மட்டும்தான் தெரியும். என்னுடையது முன்பு 'சீனியர் கன்சல்டன்ட், 25+ வருட அனுபவம், ஐடி வல்லுநர்' என்ற பொருளில் இருந்தது. இப்போது 'ஆரக்கிளிலிருந்து போஸ்ட்கிரெஸுக்கு மாறும்போது எரர் இல்லாமல் தப்பாகும் இடங்களைக் கண்டுபிடிக்கிறேன்' என்ற பொருளில் இருக்கிறது. முதலாவது என் வயதை மட்டும் சொன்னது, இரண்டாவது வேலையைச் சொல்கிறது.

பட்டம் வாங்கிய ஆண்டை எடுத்துவிடு, 2010க்கு முந்தைய வேலைகளை எடுத்துவிடு என்று நிறையப் பேர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நேர்காணலில் கேமராவை ஆன் செய்ததும் தெரியப்போகும் விஷயத்தை மறைத்து என்ன பயன்? அதோடு 1995 முதல் ஆரக்கிள் பார்த்தேன் என்பதுதான் என் தலைப்புக்கே சாட்சி. ஆனால் பழைய வேலைகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி போதும், கடைசி இரண்டு வேலைகளுக்கு மட்டும் விரிவு. ரெஸ்யூமேயில் நம் ஊர் வழக்கப்படி இருக்கும் தந்தை பெயர், திருமண நிலை, மதம் ஆகியவற்றை எடுத்துவிட்டேன். இந்த வேலைக்கு அவற்றால் எந்தப் பயனும் இல்லை.

படம் இந்த வருடத்தில் எடுத்ததாக இருக்கட்டும். ஜன்னல் வெளிச்சத்தில் வீட்டில் யாராவது மொபைலில் எடுத்தாலே போதும். பத்து வருடத்துக்கு முந்தைய படத்தைப் போட்டுவிட்டு நேரில் போனால், முதல் நிமிடமே எதையோ மறைத்தவர் போல ஆகிவிடுவோம்.

ஐந்தாம் படி: மேடை ஏறுவது

நான்கைந்து பதிவுகள் ஆனதும் பேசத் தொடங்குங்கள். பெரிய மாநாட்டுக்கு நேரே போகவேண்டாம். சென்னையில் பைத்தான் குழு, லினக்ஸ் குழு போன்றவற்றின் கூட்டங்களில் ஐந்து நிமிடப் பேச்சுக்கு இடம் கொடுப்பார்கள். ஒரு முகவரிச் சீட்டுக் கதைக்கு ஐந்து நிமிடம் தாராளம். அங்கே இரண்டு தடவை பேசிய பிறகு, பெங்களூரில் நடக்கும் பிஜிகான்ஃப் இந்தியா மாதிரி மாநாடுகளுக்கு விண்ணப்பிக்கலாம். அவர்கள் நிகழ்ச்சிக்குப் பல மாதங்களுக்கு முன்பே பேச்சுக்கான முன்மொழிவுகளைக் கேட்பார்கள்.

என் முதல் முன்மொழிவு நிராகரிக்கப்பட்டது. தலைப்பு 'ஆரக்கிள் முதல் போஸ்ட்கிரெஸ் வரை: ஒரு பயணம்'. தேர்வுக் குழுவில் இருப்பவர் ஒரு மாலையில் எத்தனையோ முன்மொழிவுகளைப் படிப்பார். பயணத்தில் என்ன கிடைக்கும் என்று அவருக்குத் தெரியாது. அடுத்த தடவை 'எரர் வராது, விடை தப்பு: மைக்ரேஷனில் ஐந்து இடங்கள்' என்று வைத்தேன். சுருக்கத்தில் அந்த ஐந்தையும் பெயர் சொல்லி எழுதினேன். கடைசி வரியில், கேட்பவர் மறுநாள் தன் சிஸ்டத்தில் ஓட்டிப் பார்க்க ஐந்து க்வெரிகளை எடுத்துப்போவார் என்று சொன்னேன். அது தேர்வானது. என்னைப் பற்றிய குறிப்பில் இரண்டே வரி, வருடக் கணக்கு இல்லை.

மேடையில் நடைமுறைச் சிக்கல்கள் சில உண்டு. எனக்கு ப்ரோக்ரெஸிவ் கண்ணாடி. மேஜையில் தாழ்வாக இருக்கும் லேப்டாப்பை நின்றபடி பார்த்தால் எழுத்து மங்கும், தலையை ஆட்டி ஆட்டித் தேடவேண்டியிருக்கும். முதல் கூட்டத்தில் அப்படித்தான் தடுமாறினேன். இப்போது டெர்மினல் எழுத்தை 28க்கு ஏற்றிவிடுகிறேன். கடைசி வரிசையில் இருப்பவருக்கும் அது வசதி. டெமோவுக்கு இணையத்தை நம்புவதில்லை, டேட்டாபேஸ் லேப்டாப்பிலேயே இருக்கும். ஓட்டவேண்டிய க்வெரிகளை ஒரு ஃபைலில் வரிசையாக வைத்திருப்பேன். மேடையில் தட்டச்சு செய்யும் வேகத்தை யாரிடமும் நிரூபிக்கவேண்டிய அவசியம் இல்லை.

கேள்வி நேரத்தில் தெரியாத கேள்வி வரும். எனக்கு ஒருவர் குபர்நெட்டிஸில் போஸ்ட்கிரெஸ் ஓட்டுவது பற்றிக் கேட்டார். 'அதில் எனக்குக் கை அனுபவம் இல்லை' என்று சொல்லி அடுத்த கேள்விக்குப் போனேன். 'எங்கள் காலத்தில் அது இல்லை' என்று சொல்லியிருந்தால் அது மன்னிப்பாகியிருக்கும். அதே கூட்டத்தில் இருந்த 29 வயதுக்காரர் ஒருவரும் இன்னொரு கேள்விக்கு 'தெரியாது' என்றார், யாரும் அவர் வயதோடு அதை முடிச்சுப் போடவில்லை.

ஆறாம் படி: மரியாதையிலிருந்து தப்பிப்பது

இதை நான் எதிர்பார்க்கவில்லை, இதில்தான் அதிக காலம் வீணானது. நம் ஊரில் இளைஞர்கள் வயதானவர்களை அலட்சியப்படுத்துவது குறைவு. அவர்கள் செய்வது வேறு. சார் என்று கூப்பிட்டு முன்வரிசையில் உட்காரவைப்பார்கள், சால்வை போடுவார்கள், குத்துவிளக்கு ஏற்றச் சொல்வார்கள். 'உங்க அனுபவத்தைப் பத்தி ரெண்டு வார்த்தை பேசுங்க சார்' என்பார்கள். அப்புறம் தொழில்நுட்பப் பேச்சு தொடங்கும், அதில் நம் பெயர் இருக்காது.

முதல் ஆறு மாதத்தில் எனக்கு நான்கு அழைப்பு வந்தது. மூன்று, மாணவர்களுக்கு ஊக்கம் கொடுக்கும் உரைக்காக. இரண்டுக்குப் போனேன். கைதட்டல் நன்றாக இருந்தது. ஆனால் அந்த இரண்டு அரங்கிலும் இருந்த யாரும் பிறகு ஒரு டேட்டாபேஸ் கேள்வியோடு வரவில்லை. மூன்றாவது அழைப்புக்கு இப்படிப் பதில் எழுதினேன்: 'அழைத்ததற்கு நன்றி. என்னிடம் நாற்பது நிமிடத் தொழில்நுட்பப் பயிற்சி ஒன்று தயாராக இருக்கிறது. மாணவர்கள் லேப்டாப்போடு வந்தால் ஐந்து பிழைகளை அவர்களே கண்டுபிடிக்கவைக்கிறேன். அதற்கு இடம் இருந்தால் வருகிறேன்.' அந்தப் பேராசிரியர் சந்தோஷமாக ஒத்துக்கொண்டார். அந்த வகுப்பில் இருந்த இரண்டு பேர் இன்றைக்கும் எனக்கு எழுதுகிறார்கள்.

நாமும் தெரியாமல் அந்த முன்வரிசை நாற்காலியில் போய் உட்கார்ந்துகொள்கிறோம். மீட்டப்பில் அறிமுகமானவரை 'தம்பி', 'என்னப்பா' என்று கூப்பிட்டால், நமக்கு அது பாசம், அவருக்கு அது உறவுமுறை. உறவுமுறை வந்த பிறகு அவர் நம் க்வெரியில் தப்பு இருந்தால் சொல்லமாட்டார். நான் எல்லாரையும் பெயர் சொல்லி, 'நீங்கள்' போட்டுப் பேசுகிறேன். சார் என்று கூப்பிடுவதை மாற்றச் சொல்லி வற்புறுத்துவதில்லை, அது அவர்கள் வழக்கம். ஆனால் என் பதிவில் ஒருவர் பிழை காட்டினால் அன்றைக்கே திருத்தி, அவர் பெயரைப் போட்டு நன்றி எழுதுகிறேன். `IS NULL` எண்ணிக்கை விஷயத்தை என் முதல் பதிவில் நான் விட்டிருந்தேன். அதைச் சுட்டிக்காட்டியவர் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகாதவர். அந்தத் திருத்தத்துக்குப் பிறகுதான் மற்றவர்களும் தயங்காமல் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள்.

ஏழாம் படி: வயதைப் பற்றிய கேள்விக்குப் பதில்

அமெரிக்காவில் 1967ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களை வேலையில் வயதுப் பாகுபாட்டிலிருந்து காக்கிறது. இங்கே தனியார் துறைக்கு அப்படித் தனிச் சட்டம் இல்லை, அதனால் நேராகவே கேட்பார்கள். எனக்கு வந்த கேள்விகள் இரண்டு.

'இன்னும் எத்தனை வருஷம் வேலை பார்ப்பீங்க?' இதற்கு உடல்நலத்தையும் பிள்ளைகள் செட்டில் ஆனதையும் பற்றிப் பேசத் தொடங்கினால் பேச்சு நம் கையை விட்டுப்போய்விடும். நான் வேலையின் நீளத்தை வைத்துப் பதில் சொன்னேன்: 'உங்கள் மைக்ரேஷன் திட்டம் பதினாறு மாதம் என்று சொன்னீர்கள். அது முடிந்து, பழைய சிஸ்டத்தை நிறுத்தும் வரை இருப்பேன். அதற்குப் பிறகு என்ன என்பதை இருவரும் அப்போது பேசலாம்.'

'உங்களைவிட இருபது வயசு சின்னவருக்கு ரிப்போர்ட் பண்ணணும், பரவாயில்லையா?' இதற்கு 'பரவாயில்லை' என்று மட்டும் சொன்னால் சமாளிப்பது போலிருக்கும். என் இப்போதைய மேலாளர் என்னைவிடப் பதினெட்டு வயது இளையவர். அவரும் நானும் வேலையை எப்படிப் பிரித்துக்கொள்கிறோம் என்பதை இப்போது உதாரணமாகச் சொல்வேன்: முன்னுரிமை அவருடைய முடிவு, ஒரு டேபிள் சரியாக மாறியிருக்கிறதா என்பதில் என் கையெழுத்து.

சிலர் ஆரக்கிளைப் பழைய சரக்கு, போஸ்ட்கிரெஸ் புதியது என்று பிரித்துப் பேசுவார்கள். போஸ்ட்கிரெஸ் 1986இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய திட்டம், இப்போதைய பெயர் 1996இல் வந்தது. அதைத் தொடங்கிவைத்த மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் 1943இல் பிறந்தவர், 2014ஆம் ஆண்டுக்கான டூரிங் விருதைப் பெற்றபோது எழுபதைத் தாண்டியிருந்தார். இதை வாதத்துக்காகச் சொல்லவேண்டாம். ஆனால் இந்தத் துறையில் எது எப்போது வந்தது என்று தெரிந்திருந்தால், 'பழையது' என்ற சொல்லைக் கேட்டுச் சுருங்கவேண்டியிருக்காது.

எட்டாம் படி: பலிக்கிறதா என்று பார்ப்பது

லைக் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். என் பழைய சகாக்கள் எல்லாரும் 'அருமை சார்' என்று போடுவார்கள், அன்புதான், ஆனால் அவர்களில் யாரும் இன்றைக்கு க்வெரி எழுதுவதில்லை. நான் ஒரு நோட்டில் ஒரே ஒரு கணக்கு வைத்திருந்தேன்: எனக்கு முன்பின் தெரியாத எத்தனை பேர் தங்கள் சொந்தப் பிரச்சினையோடு எழுதினார்கள்? முதல் மூன்று மாதம் யாரும் இல்லை. நான்காம் மாதம் ஒருவர், ஆறாம் மாதம் மூன்று பேர், ஒன்பதாம் மாதம் ஏழு பேர். இப்போதைய வேலை அந்த ஏழில் ஒருவர் வழியாக வந்தது. அவர் அனுப்பிய பிரச்சினையில் ஒரு தேதிப் பத்தி இருந்தது. ஆரக்கிளின் DATE-இல் நேரமும் சேர்ந்திருக்கும், போஸ்ட்கிரெஸின் `date`-இல் நாள் மட்டும்தான். அவர்கள் மாற்றியபோது நேரம் உதிர்ந்துவிட்டது.

நான்கு மாதமாகியும் யாரும் பிரச்சினையோடு வரவில்லை என்றால், அனேகமாகப் பதிவில் 'உங்கள் சிஸ்டத்தில் பார்ப்பது எப்படி' என்ற பகுதி இல்லாமல் இருக்கும். அதைச் சேர்த்துப் பாருங்கள். அப்படியும் வராவிட்டால் முதல் படிக்குத் திரும்பி, பத்து அழைப்புகளின் தாளை மறுபடி எடுங்கள்.

இதனால் ஆகாததையும் சொல்லிவிடுகிறேன். '5 முதல் 10 வருட அனுபவம்' என்று வடிகட்டும் வேலைத் தளங்களில் உங்கள் விண்ணப்பம் இதனாலெல்லாம் மேலே வராது. நான் எழுத ஆரம்பித்த பிறகும் அப்படிப் போட்ட பதினான்கு விண்ணப்பங்களில் ஒன்றுக்கும் அழைப்பு இல்லை. சம்பள வரம்பும் மாறாது. நான் முன்பு வாங்கியதைவிடச் சற்றுக் குறைவாகத்தான் இப்போது வாங்குகிறேன். வெளியே பெயர் தெரிவதால் மாறுவது, அந்த வடிகட்டியைச் சுற்றிக்கொண்டு நேராக ஒரு குழுத் தலைவரின் மேஜைக்குப் போகும் வழி மட்டும்தான். அதனால் விண்ணப்பங்களுக்குச் செலவிடும் நேரத்தைக் குறைத்து, எழுதி வந்தவர்களுக்குப் பதில் சொல்வதில் வைத்தேன். பதிலை இரண்டு நாளுக்குள் அனுப்பிவிடுவேன், முடிந்தால் ஓட்டிப் பார்த்த க்வெரியோடு.

தேதிப் பத்தியோடு வந்தவருக்கும் அப்படித்தான் அனுப்பினேன். மறுநாள் மாலை அவர் போன் செய்தார். முதல் கேள்வி, உதிர்ந்த நேரத்தைப் பழைய பேக்கப்பிலிருந்து எடுத்துச் சேர்க்க எத்தனை நாள் ஆகும் என்பது.